பெண் பார்த்துவிட்டுப் போய் ஒரு நாள்தான் ஆகிறது, வியாழக்கிழமைக்குள் பதில் வேண்டுமாம். மனதில் இருப்பதை எப்போது சொல்வது?

நித்யா_திருப்பூர் | திங்கள், இரவு 10:40

எனக்கு வயது 28. எக்ஸ்போர்ட் கம்பெனியில் மெர்ச்சண்டைசர் வேலை. நேற்று ஞாயிற்றுக்கிழமை ஓசூரிலிருந்து வந்து பெண் பார்த்துவிட்டுப் போனார்கள். பையன் அங்கே ஒரு ஃபேக்டரியில் இன்ஜினியர், அம்மா அப்பா கூடவே இருக்கிறார்கள். ஜாதகம் பொருந்திவிட்டது. அவர்கள் கிளம்பிய அரை மணி நேரத்தில் நடுவில் இருக்கும் மாமா போன் செய்து, அவர்களுக்குப் பிடித்துவிட்டது, வியாழனுக்குள் உங்கள் முடிவைச் சொன்னால் ஆடிக்கு முன்னாலேயே தட்டு மாற்றிவிட்டு ஆவணியில் கல்யாணத்தை வைத்துவிடலாம் என்றார். ஆடி பிறக்க இன்னும் 20 நாள்தான். எங்கள் வீட்டிலும் அப்பாவுக்கு முழு சம்மதம். அம்மா இப்போதே யாரையெல்லாம் அழைக்க வேண்டும் என்று எண்ண ஆரம்பித்துவிட்டார்.

பையனோடு மொட்டை மாடியில் பேசியது பத்து நிமிடம். அதில் ஐந்து நிமிடம் ஓசூர் குளிரைப் பற்றிப் போனது. நல்லவராகத்தான் தெரிகிறார். நாளை இரவு போனில் பேசிக்கொள்ளச் சொல்லியிருக்கிறார்கள்.

எனக்கு இரண்டு விஷயம் உறுத்துகிறது. வீட்டுக் கடனில் மாதம் 12,000 நான்தான் கட்டுகிறேன், இன்னும் 31 மாதம் இருக்கிறது. கல்யாணத்துக்கு அப்புறமும் கட்டுவேன். அதை எப்போது, யாரிடம் சொல்வது? இன்னொன்று, அவருக்கே இந்தக் கல்யாணத்தில் விருப்பமா, இல்லை அம்மா சொன்னதற்காகத் தலையாட்டுகிறாரா என்று தெரியவில்லை. முதல் போனிலேயே இதையெல்லாம் கேட்டால் ‘ரொம்பப் பேசுற பொண்ணு’ என்று ஆகிவிடுமோ?

வெங்கட்ராமன்67 | திங்கள், இரவு 11:05

அம்மா, நீங்கள் விரும்பும் பையன் என்றால் முதலில் அம்மாவிடம் சொல்லுங்கள். அப்பாவிடம் நேரடியாகப் போக வேண்டாம். எந்த ஊர், என்ன குலம் என்று கேட்பார்கள், அதற்குப் பதிலைத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள்.

நித்யா_திருப்பூர் | திங்கள், இரவு 11:09

இல்லை சார், இது வீட்டில் பார்த்த சம்பந்தம்தான். காதல் எல்லாம் இல்லை.

வெங்கட்ராமன்67 | திங்கள், இரவு 11:12

ஓ சரி சரி. தலைப்பின் கடைசி வரியை மட்டும் படித்துவிட்டு எழுதிவிட்டேன். அப்படியானால் நல்ல சம்பந்தத்தை விடாதீர்கள்.

கார்த்தி_எல்எல்பி | செவ்வாய், காலை 7:30

ரொம்ப சிம்பிள். பத்திரத்தில் எழுதி வாங்குங்கள். ‘திருமணத்துக்குப் பின் 31 மாதம் பெண் தன் பெற்றோருக்கு மாதம் 12,000 தருவார், இதற்குக் கணவர் வீட்டார் ஆட்சேபிக்க மாட்டார்கள்’ என்று எழுதி இரண்டு பக்கமும் கையெழுத்து. அப்புறம் யாரும் மாற்றிப் பேச முடியாது. சட்டப்படி உங்கள் சம்பளம் உங்கள் சொத்து. அதில் கேள்வி கேட்க அவர்களுக்கு உரிமையே இல்லை.

மலர்விழி_ஜெ | செவ்வாய், காலை 8:15

கார்த்தி சொல்வதில் இரண்டாவது பாதி சரி. பத்திரத்தை எடுத்துக்கொண்டு போனால் அன்றைக்கே சம்பந்தம் முடிந்துவிடும், முறிந்துவிடும் என்ற அர்த்தத்தில்.

என் கதையைச் சொல்கிறேன் நித்யா. எனக்கும் இதே மாதிரி, தம்பி படிப்புக்கு வாங்கிய கடன். கல்யாணத்துக்கு முன்னாலேயே போனில் அவரிடம் சொன்னேன். “அட, இதெல்லாம் ஒரு விஷயமா, தாராளமா கட்டுங்க” என்றார். எனக்கு அவ்வளவு நிம்மதி. கல்யாணமாகி மூன்றாவது மாதம் மாமியார் என் பாஸ்புக்கைப் பார்த்துவிட்டு, “ஒவ்வொரு மாசமும் அஞ்சாம் தேதி எட்டாயிரம் எங்க போகுது?” என்று கேட்டார். நான் என் வீட்டுக்காரர் முகத்தைப் பார்த்தேன். அவர் டிவியைப் பார்த்தார். வீட்டில் அவர் சொல்லவே இல்லை. பொய் சொல்ல வேண்டும் என்று மறைக்கவில்லை, அவருக்கு அது ஒரு பெரிய விஷயமாகவே படவில்லை, அவ்வளவுதான். ஆனால் மாமியாருக்கு அது ‘மறைத்துக் கட்டி வைத்த கடன்’. அந்தப் பேச்சு அடங்க ஒன்றரை வருடம் ஆனது.

பிரியா_சென்னை | செவ்வாய், காலை 9:40

இதற்குத்தான் நான் சொல்வது, பெரியவர்களை நடுவில் விடாதீர்கள். நித்யா, அவரை நேராகச் சந்தியுங்கள். கிருஷ்ணகிரியிலோ சேலத்திலோ ஒரு காபி ஷாப். இரண்டு மணி நேரம். எல்லாவற்றையும் கேளுங்கள். வியாழன் கெடு எல்லாம் அவர்கள் வசதிக்கு. 28 வயதில் வேலை பார்க்கும் பெண்ணிடம் நான்கு நாளில் பதில் கேட்பதே அநியாயம். ஒரு மாதம் வேண்டும் என்று சொல்லுங்கள். ஒத்துக்கொள்ளவில்லை என்றால் போகட்டும்.

சரோஜா_ஈரோடு | செவ்வாய், காலை 11:20

எனக்கு வயது 63. மூன்று பெண்களைக் கட்டிக் கொடுத்தேன். சொந்தத்தில் இருபது முப்பது சம்பந்தத்துக்கு நடுவில் நின்று பேசியிருக்கிறேன். அதனால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், கோபிக்கக் கூடாது.

பிரியா கண்ணு சொல்வது போல ஒரு மாதம் கேட்டால் என்ன நடக்கும் தெரியுமா? ‘கலந்து பேசிட்டுச் சொல்றோம்’ என்று தேதி இல்லாமல் சொன்னால் நம் ஊரில் அதற்கு ‘வேண்டாம்’ என்றுதான் அர்த்தம். மறுநாளே அவர்கள் அடுத்த ஜாதகத்தை எடுத்துவிடுவார்கள். அதில் தப்பும் இல்லை. அவர்கள் அவசரத்துக்கும் காரணம் இருக்கிறது. ஆடியில் பேச்சை எடுக்க மாட்டார்கள். ஆவணியில் முகூர்த்த நாள் கொஞ்சம்தான், அதற்கு மண்டபத்தை இப்போதே பிடித்தால்தான் உண்டு. அதனால் அவர்கள் உங்களை நெருக்குகிறார்கள் என்று மட்டும் எடுத்துக்கொள்ள வேண்டாம்.

அப்படியானால் கூடுதல் நாட்களை எப்படி வாங்குவது? நேரம் வேண்டும் என்று கேட்காதே. ‘வர்ற ஞாயிறு வீடு பார்க்க வர்றோம்’ என்று மாமா மூலம் சொல்லச் சொல். பெண் வீட்டார் மாப்பிள்ளை வீட்டைப் பார்க்கப் போவது எல்லாரும் ஒத்துக்கொண்ட முறை. யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள், நமக்கு விருப்பம் இருக்கிறது என்றும் தெரியும். வியாழன் தானாக ஞாயிறு ஆகிவிடும். ஞாயிறு அங்கே பேசிவிட்டு, ‘புதன்கிழமை சொல்றோம்’ என்று கிழமை குறித்துச் சொல்லிவிட்டு வாருங்கள். சத்தமில்லாமல் ஒன்பது நாள் கிடைத்துவிடும்.

ஒரே ஒரு எச்சரிக்கை. அங்கே கை நனைக்கக் கூடாது. காபி, பலகாரத்தோடு எழுந்துவிட வேண்டும். சாப்பிட உட்கார்ந்தால் சம்மதம் என்று ஆகிவிடும். மாமாவிடம் முதலிலேயே, ‘பார்த்துட்டு உடனே கிளம்பிடுவோம், சமைக்க வேண்டாம்’ என்று சொல்லச் சொல். சில வீட்டில் வேண்டுமென்றே பங்காளிகளை எல்லாம் கூப்பிட்டு இலையைப் போட்டுவிடுவார்கள். என் இரண்டாவது பெண்ணுக்கு அப்படித்தான் ஆனது. வாசலில் செருப்பைக் கழற்றும்போதே சாம்பார் வாசனை. என் வீட்டுக்காரர் சர்க்கரை மாத்திரை, நேரத்துக்குச் சாப்பாடு என்று ஏதோ சொல்லி எழுந்து வந்தார்.

நித்யா_திருப்பூர் | செவ்வாய், மதியம் 1:15

அம்மா, வீடு பார்க்கப் போவது எனக்குத் தோன்றவே இல்லை. அப்பாவிடம் சொன்னேன், அவருக்கும் சரி என்று பட்டது. கடன் விஷயத்தை இன்று இரவே பையனிடம் சொல்லவா, ஞாயிறு பெரியவர்கள் சொல்லட்டுமா?

சரோஜா_ஈரோடு | செவ்வாய், மதியம் 2:00

இரண்டும். முதலில் நீ அவனிடம், அப்புறம் உன் அப்பா அவன் அப்பாவிடம். மலர்விழி சொன்னதில்தான் விஷயமே இருக்கிறது. பையனிடம் சொன்னது பையனோடு நின்றுவிடும். நீ சொன்னது அவன் அம்மா காதுக்குப் போய்ச் சேர்ந்ததா என்பதுதான் கேள்வி. அதுவும் தட்டு மாற்றுவதற்கு முன், மண்டபத்துக்கு முன்பணம் கட்டுவதற்கு முன். அதற்கு அப்புறம் தெரிந்தால் அவர்களால் வேண்டாம் என்றும் சொல்ல முடியாது, மனதாரச் சரி என்றும் சொல்ல முடியாது. அப்போதுதான் கசப்பு உட்கார்ந்துகொள்ளும்.

சொல்லும்போது ‘அப்பா அம்மாவுக்கு உதவி செய்வேன்’ என்று பொதுவாகச் சொல்லாதே. அதைக் கேட்டால் சாகும்வரை பணம் போய்க்கொண்டே இருக்கும் என்று நினைப்பார்கள். மாதம் 12,000, இன்னும் 31 மாதம், அதோடு சரி என்று கணக்காகச் சொல்.

ஓசூர்வாசி | செவ்வாய், மாலை 4:30

கணக்குப் போட்டால் 3 லட்சத்து 72 ஆயிரம் வருகிறது. கல்யாணச் செலவில் ஒரு பங்குகூட இல்லை. மொத்தமாகச் சொன்னால் பெரிதாகத் தெரியும், மாதக் கணக்கில் சொல்வதே நல்லது.

நான் ஆண் பக்கத்திலிருந்து ஒன்று சொல்கிறேன். போன வருடம் எனக்கு நான்கு இடம் பார்த்தார்கள். முதல் பெண் போனில் வரிசையாகக் கேள்வி கேட்டார். சம்பளம் எவ்வளவு, லோன் இருக்கிறதா, தனிக்குடித்தனமா என்று ஏழெட்டு. ஒவ்வொன்றும் நியாயமான கேள்வி. ஆனால் கம்பெனி இன்டர்வியூவில்கூட நான் அப்படித் திணறியதில்லை, எல்லாவற்றுக்கும் ‘பார்த்துக்கலாங்க’ என்றுதான் வாயில் வந்தது. மூன்றாவது பெண் வேறு மாதிரி. தன் வீட்டு நிலவரத்தை முதலில் அவரே சொன்னார். அப்பாவுக்கு ஆபரேஷன் ஆனது, நகையை அடகு வைத்தது எல்லாம். அதைக் கேட்டதும் என் அப்பா கடையில் நஷ்டப்பட்ட கதையை நானாகவே சொல்லிவிட்டேன். அது வேறு காரணத்தால் நின்றுபோனது, ஆனால் அந்த ஒரு போனில் தெரிந்த அளவு மற்ற மூன்றிலும் தெரியவில்லை.

இன்னொன்று. முதல் போன் பேசும்போது என் அம்மா பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். ஸ்பீக்கரில் போடச் சொன்னார், போட்டேன். அந்தப் பையனும் ‘ம்’, ‘ஆமாங்க’, ‘சரிங்க’ என்று ஒரு வார்த்தையிலேயே பதில் சொல்லிக்கொண்டிருந்தால் விருப்பமில்லை என்று உடனே முடிவு கட்டாதீர்கள். “சாப்பிட்டுட்டு வெளிய நடக்கும்போது கூப்பிடுங்க” என்று சொல்லிப் பாருங்கள். வெளியே வந்து பேசினால் வேறு ஆளாக இருப்பார்.

பிரியா_சென்னை | செவ்வாய், மாலை 5:10

அம்மா பக்கத்தில் உட்கார்ந்து ஸ்பீக்கரில் கேட்பதை ரொம்ப இயல்பாகச் சொல்கிறீர்களே! 30 வயது ஆணுக்கு ‘அம்மா, கொஞ்சம் தனியாப் பேசறேன்’ என்று சொல்ல வரவில்லை என்றால் எனக்கு அதுவே பதில்.

ஓசூர்வாசி | செவ்வாய், மாலை 5:18

29. நியாயமான அடிதான், வாங்கிக்கொள்கிறேன்.

சரோஜா_ஈரோடு | செவ்வாய், மாலை 6:45

விருப்பம் இருக்கிறதா என்பதை எப்படிக் கேட்பது என்று நித்யா கேட்டிருந்தாள், அதை யாரும் தொடவில்லை. “உங்களுக்கு இதுல சம்மதமா” என்று கேட்டால் யாரும் ஆமாம் என்றுதான் சொல்வார்கள். முதலில் உன் மனதைச் சொல். “நான் இதை முடிவு பண்ற எண்ணத்தோடதான் பேசறேன், சும்மா வீட்டுக்காகப் பேசலை. ஆனா இன்னும் முழுசா முடிவு எடுக்கலை” என்று சொல். அப்புறம், கல்யாணம் ஆகி முதல் தீபாவளி முடிந்து சாதாரண மாதம் ஒன்று எப்படி இருக்கும் என்று கேள். எந்த வீட்டில் இருப்போம், நான் எங்கே வேலைக்குப் போவேன், காலையில் யார் எத்தனை மணிக்குக் கிளம்புவது என்று. உன்னை நினைத்துப் பார்த்த பையன் ஏதாவது சொல்வான். தப்பாகச் சொன்னாலும் சொல்வான். நினைத்தே பார்க்காதவன் ‘அதெல்லாம் அம்மா பாத்துக்குவாங்க’ என்பான்.

எல்லாவற்றுக்கும் சரி, சரி என்று சொல்லிவிட்டு அவன் உன்னை ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை என்றால் அதையும் கவனி. எனக்கு அதுதான் அதிகப் பயம்.

கார்த்தி_எல்எல்பி | செவ்வாய், இரவு 8:00

பத்திரம் வேண்டாம் என்றால் விடுங்கள். ஆனால் நிச்சயம் முடிந்துவிட்டால் அப்புறம் பின்வாங்க முடியாது என்று ஒரு பயம் எல்லாருக்கும் இருக்கிறது. அப்படி இல்லை. நிச்சயம் ஆகிவிட்டது என்பதற்காக யாரையும் தாலி கட்டச் சொல்லி எந்தக் கோர்ட்டும் உத்தரவு போடாது. அந்த ஞாயிறு ‘எத்தனை பவுன் போடுவீங்க’ என்று கேட்டால் அதுவும் குற்றம், 1961 வரதட்சணைத் தடுப்புச் சட்டத்தில் கேட்பதற்கே தண்டனை இருக்கிறது.

மலர்விழி_ஜெ | செவ்வாய், இரவு 8:25

கார்த்தி, சட்டம் சரி. நிச்சயம் நின்றுபோன பெண்ணை அடுத்த இடத்தில் என்ன கேட்பார்கள் என்று எந்தச் சட்டத்திலும் எழுதவில்லை. அதனால்தான் எல்லாவற்றையும் தட்டுக்கு முன்னாலேயே பேசச் சொல்கிறோம்.

நித்யா_திருப்பூர் | புதன், காலை 6:50

பேசினேன். ஒன்பது மணிக்குக் கூப்பிட்டார், ஸ்பீக்கர் மாதிரித்தான் இருந்தது. பின்னால் டிவி சத்தம், யாரோ இருமினார்கள். வெளியே நடக்கும்போது கூப்பிடச் சொன்னேன். பத்தே நிமிடத்தில் திரும்பக் கூப்பிட்டார், தெருநாய் குரைக்கும் சத்தத்தோடு. 50 நிமிடம் போனது.

கடனைச் சொன்னேன், மாதக் கணக்கோடு. கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம், “31 மாசம்னா நம்ம கல்யாணம் ஆகி ரெண்டரை வருஷம்” என்றார். ‘நம்ம’ என்று சொன்னதைக் கவனித்தேன், ஆனால் அதை வைத்து முடிவு எடுக்கக் கூடாது என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். வீட்டில் அம்மாவிடம் நீங்களே சொல்லுங்கள், ஞாயிறு என் அப்பாவும் சொல்வார் என்றேன். சரி என்றார், கொஞ்சம் தயங்கி.

சாதாரண மாதம் எப்படி இருக்கும் என்று கேட்டதற்குச் சிரித்துவிட்டார். பிறகு, நான் வேலைக்கு பெங்களூர் வழியில் இருக்கும் பொம்மசந்திரா பக்கம் போக வேண்டியிருக்கும், அத்திப்பள்ளியில் டிராஃபிக், ஏழு மணிக்குக் கிளம்பினால்தான் முடியும் என்றார். யோசித்திருக்கிறார் என்று தெரிந்தது. சமையலை யார் செய்வது என்றதற்கு மட்டும் ‘அம்மா இருக்காங்களே’ என்றார். அவர் அம்மாவுக்கு வயது 58, முழங்கால் வலி. அதை மேலே கேட்கவில்லை.

பிரியா_சென்னை | புதன், காலை 9:00

கேட்டிருக்க வேண்டும். அந்த ‘அம்மா இருக்காங்களே’ ஆறு மாதத்தில் ‘நீ இருக்கியே’ என்று ஆகும்.

சரோஜா_ஈரோடு | புதன், காலை 10:10

முதல் போனில் எல்லாவற்றையும் கேட்டுவிட முடியாது கண்ணு. அடுத்த போனுக்குக் கொஞ்சம் வைத்துக்கொள்ளட்டும். ஆனால் பிரியா சொல்வதும் தப்பில்லை.

ஓசூர்வாசி | புதன், மதியம் 12:40

அத்திப்பள்ளி டிராஃபிக்கைப் பற்றி உண்மையைச் சொன்னவரை நம்பலாம் என்பது என் கருத்து. ஆனால் ஏழு மணி போதாது, ஆறே முக்காலுக்கே கிளம்ப வேண்டும்.

நித்யா_திருப்பூர் | ஞாயிறு, இரவு 9:55

போய்விட்டு வந்துவிட்டோம். அப்பா, அம்மா, பெரியப்பா, மாமா, நான். பெண் வரும் வழக்கம் இல்லை என்று பெரியப்பா முதலில் முறைத்தார், வேலைக்குப் போகும் தூரத்தைப் பார்க்க வேண்டும் என்று சொல்லிக் கூடவே போய்விட்டேன். இலை போடவில்லை. கேசரி, பஜ்ஜி, காபி. பங்காளிகள் யாரும் இல்லை, ஒரு பாட்டி மட்டும்.

அப்பாவுக்குப் பேச்சு வரவில்லை. பெரியப்பாதான் ஆரம்பித்தார். “பொண்ணு வீட்டுக் கடன்ல கொஞ்சம் கட்டிட்டு இருக்கு, அது முடியற வரைக்கும் கட்டும்” என்றார், 12,000 என்றோ 31 மாதம் என்றோ சொல்லாமல். எனக்கு வயிறு கலங்கியது. அப்போது பையனின் அப்பா, “ஆமாங்க, ரெண்டரை வருஷம்னு தம்பி சொன்னான்” என்றார். அதாவது, வீட்டில் சொல்லியிருக்கிறார். அவர் அம்மா ஒன்றும் சொல்லவில்லை. பாட்டி மட்டும், “வீடு யார் பேருல இருக்கு?” என்று கேட்டார். அப்பா பேரில் என்றோம். “பொண்ணு பேரையும் சேர்த்திருக்கலாமே” என்றார். அதற்கு என்ன பதில் சொல்வது என்று யாருக்கும் தெரியவில்லை.

சமையல் பேச்சை எடுக்க இடமே கிடைக்கவில்லை. அடுக்களையில் கேஸ் அடுப்புக்குப் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டிருந்தார்கள். அவர் அம்மா உட்கார்ந்துதான் சமைக்கிறார் போல.

புதன்கிழமை சொல்கிறோம் என்று மாமா சொல்லிவிட்டு வந்திருக்கிறார். ஆனால் காரில் ஏறும்போதே அப்பா தெரிந்தவருக்குப் போன் போட்டு ஆவணியில் மண்டபம் காலியாக இருக்கிறதா என்று கேட்டார். சும்மா விசாரிக்கத்தானாம்.

கார்த்தி_எல்எல்பி | ஞாயிறு, இரவு 10:20

பாட்டி கேட்டது நல்ல கேள்வி. நீங்கள் 12,000 கட்டும் வீட்டில் உங்கள் பெயர் இல்லையா?

சரோஜா_ஈரோடு | ஞாயிறு, இரவு 10:35

அதை அப்புறம் பார்க்கலாம். நித்யா, அப்பா முன்பணம் அனுப்புவதற்கு முன்னால் இன்று இரவே அவர் போனை வாங்கி வை. நாளைக்கு அந்தப் பையனோடு அடுக்களை நாற்காலியைப் பற்றிப் பேசு. புதன் வரைக்கும் உனக்கு மூன்று ராத்திரி இருக்கிறது.